150–30 என்று போட்டிருந்தால் அது அப்படித்தான் இருக்க வேண்டும்

எங்கள் கேட்டலாக்கைத் திருத்தித் தருகிறேன் என்று ஒரு ஃப்ரீலான்ஸ் எடிட்டர் மெயில் போட்டிருக்கிறார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அதை இங்கே கொட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

கோயம்புத்தூரில் போர்வெல் சப்மெர்சிபிள் பம்ப் செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது. கேட்டலாக் பழசுதான். பின்னட்டையில் இன்னும் பழைய விற்பனை வரிக்கான டின் நம்பரும் சிஎஸ்டி நம்பரும் நிற்கின்றன. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். உள்ளே ஐஎஸ் 8034 பக்கத்தில் 2002 என்று ஆண்டு போட்டிருக்கிறது, அந்தத் தரநிலை 2018-லேயே திருத்தப்பட்டுவிட்டது. நிறுத்திவிட்ட மாடல்களும் அதிலேயே இருக்கின்றன, டீலர்கள் அதைப் பார்த்து ஆர்டர் சொல்கிறார்கள். போன் எடுக்கிறவள் நான்தான், ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்வதும் நான்தான். அதனால் "காப்பி ஆடிட்" என்று சப்ஜெக்ட் லைனைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். சரியான ஆள் கிடைத்தால் காசு கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. அப்பாவிடம் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

மெயிலைத் திறந்தால் முதல் பத்தி முழுக்க எங்கள் "பிராண்டின் பயணம்" பற்றிய புகழ்ச்சி. இரண்டாவது பத்தியில், எங்கள் எழுத்தில் உணர்வு இல்லையாம், வாடிக்கையாளரின் மனதைத் தொடவில்லையாம். போகட்டும், இது எல்லாருக்கும் அனுப்புகிற பத்தி என்று தள்ளிவிடலாம். மூன்றாவதாக, இலவச மாதிரி என்று எங்கள் கேட்டலாக்கிலிருந்து ஒரே ஒரு மாடலை எடுத்துத் திருத்திக் காட்டியிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது அங்கேதான்.

அது 1.5 ஹெச்பி பம்ப், நாலு இஞ்ச் போருக்கானது. கேட்டலாக்கில் அதற்குக் கீழே, எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தரும் என்று இரண்டே வரி இருக்கும்:

ஹெட்: 18–60 மீட்டர்
டிஸ்சார்ஜ்: 150–30 எல்பிஎம்

இதில் அவர் கண்டுபிடித்த "பிழை" என்ன தெரியுமா? முதல் வரியில் சின்ன எண் முன்னால் இருக்கிறது, இரண்டாவது வரியில் பெரிய எண் முன்னால் இருக்கிறது, ஒருமை இல்லை என்று சிவப்பில் கோடு போட்டு, 150–30 என்பதை 30–150 என்று மாற்றியிருக்கிறார். பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: "இது போன்ற சிறு தவறுகள் உங்கள் நம்பகத்தன்மையைக் குலைக்கின்றன."

ஐயா, அது தவறே இல்லை. அந்த இரண்டு வரிகளையும் மேலும் கீழுமாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். 18 மீட்டர் ஹெட்டில் நிமிடத்துக்கு 150 லிட்டர் வரும், 60 மீட்டர் ஹெட்டில் 30 லிட்டர்தான் வரும். ஹெட் ஏற ஏறத் தண்ணீர் குறையும். பம்ப் என்ற பொருளைப் பற்றி முதன்முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே அதுதான். போர் மெக்கானிக்கிடம் உதவிக்குப் போகிற பையனுக்குக்கூட இது தெரியும். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால், 60 மீட்டரில் 150 லிட்டர் கொட்டும் என்று அர்த்தமாகிவிடுகிறது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. அந்த இரண்டு வரிகளுக்கு மேலே தலைப்பாக ஒரு வாசகம் எழுதிச் சேர்த்திருக்கிறார்: "60 மீட்டர் ஆழத்திலிருந்தும் நிமிடத்துக்கு 150 லிட்டர் வரை பாயும் ஆற்றல்!" ஆச்சரியக்குறியோடு.

இது நடக்காத காரியம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. அதை ஒரு நிமிடத்தில் 60 மீட்டர் தூக்க வேண்டும். 150-ஐ 60-ஆல் பெருக்கி, அதை 9.81-ஆல் பெருக்கி, 60 நொடியால் வகுத்தால் ஏறத்தாழ 1,470 வாட் வரும். 1.5 ஹெச்பி மோட்டார் தருவதே 1,100 வாட்தான். அதிலும் பம்ப்புக்குள் வீணாவது போகத் தண்ணீருக்குப் போய்ச் சேருவது பாதியளவுதான். மோட்டாரில் இல்லாத சக்தியை இந்த வாசகம் எங்கிருந்து கொண்டுவருகிறது? ஆறாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும், அனுப்பும் முன்னால் ஒரு தடவை சரிபார்த்திருக்கலாம்.

அந்த வாசகத்தோடு கேட்டலாக் அச்சாகிப் போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஆயிரம் லிட்டர் டேங்க், மொத்த ஹெட் 60 மீட்டர். 150 எல்பிஎம் என்று நம்பி வாங்கினவர் ஏழு நிமிடத்தில் டேங்க் நிறையும் என்று காத்திருப்பார். நிறைய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். "பம்ப் தண்ணியே எடுக்கல" என்று டீலர் கடையில் வந்து நிற்பார். டீலர் எனக்குப் போன் போடுவார். பம்ப்பில் ஒரு குறையும் இருக்காது. போரிலிருந்து அத்தனை பைப்பையும் உருவி, பம்ப்பை வெளியே எடுத்து, டெஸ்ட் பெஞ்சில் வைத்து ஓட்டிக் காட்டினால் சரியாக ஓடும். உருவின கூலி, வண்டி வாடகை, கெட்ட பெயர் எல்லாம் எங்கள் தலையில். வாசகம் எழுதியவர் அடுத்த கம்பெனிக்கு மெயில் போட்டுக்கொண்டிருப்பார்.

இதைவிட மோசமானது இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்கு நெஞ்சைப் பிசைகிறது. "60 மீட்டர் ஆழத்திலிருந்தும்" என்று எழுதும்போது அந்த 18 காணாமல் போய்விடுகிறது. அந்த 18 ஒரு எல்லை. ஹெட் அதற்கும் கீழே போனால் பம்ப் அளவுக்கு மேல் தண்ணீரைத் தள்ளும், ஆம்ப்ஸ் ஏறும், மோட்டார் சூடாகும். தண்ணீர் மட்டம் எட்டுப் பத்து மீட்டரிலேயே இருக்கிற இடத்தில், "60-லிருந்தே எடுக்கும்னு போட்டிருக்கு, பத்துக்கு எடுக்காதா" என்று ஒருவர் வாங்கி மாட்டி, வால்வைக் கொஞ்சம் மூடி வைக்காமல் முழுசாகத் திறந்து ஓட்டினால், சீக்கிரமே காயில் கட்ட வேண்டி வரும். கடன் வாங்கிப் பம்ப் இறக்கின விவசாயிக்கு, பயிர் வாடுகிற வாரத்தில் மோட்டார் எரிந்தால் என்ன ஆகும் என்று வாசகம் எழுதுகிறவர் ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா? எண்ணை எடுத்துவிட்டு உணர்வைச் சேர்க்கிறேன் என்கிறாரே!

கட்டண விவரம் கடைசியில் இருந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. அதன் கீழே சின்ன எழுத்தில்: "அட்டவணைகளும் தொழில்நுட்ப விவரங்களும் இதில் அடங்கா; அவற்றில் வடிவ ஒருமை மட்டும் பார்க்கப்படும்." எங்கள் கேட்டலாக்கில் முன்னுரை, வாழ்த்து எல்லாம் சேர்த்தால் இரண்டு பக்கம் தேறும். மீதி முழுக்க அட்டவணைதான். டீலர் படிப்பதும் அதைத்தான், போர் மெக்கானிக் விரல் வைத்துத் தேடுவதும் அதில்தான். அதைத் தொடமாட்டாராம், ஆனால் "வடிவ ஒருமை" என்ற பெயரில் எண்களின் வரிசையை மட்டும் மாற்றுவாராம். பொறுப்பு எடுத்துக்கொள்ளாத இடத்தில் கை வைக்கும் உரிமையை மட்டும் யார் கொடுத்தது?

அந்த இரண்டு வரி எல்லாருக்கும் புரிகிற மாதிரி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. புரியாமல் குழம்புகிற டீலர்கள் இருக்கிறார்கள், புதிதாகக் கடை போட்டவர்கள் பலர் பெரிய எண் இரண்டையும் சேர்த்தேதான் படிக்கிறார்கள். உண்மையான எடிட்டர் பிடிக்க வேண்டிய இடமே அதுதான். "இந்த இரண்டு எல்லைகளும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கின்றனவே, காரணம் இருக்கிறதா? 60-உம் 150-உம் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று யாராவது படித்துவிடுவார்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அன்றைக்கே போன் போட்டு வரச் சொல்லியிருப்பேன். எங்கள் டெஸ்டிங் பார்க்கிற அண்ணனிடம் உட்கார வைத்திருப்பேன். அவர் நோட்டைத் திறந்து 18 மீட்டருக்கு 150, 30 மீட்டருக்கு 120, 45 மீட்டருக்கு 80, 60 மீட்டருக்கு 30 என்று சொல்லியிருப்பார். இந்த நான்கு ஜோடிகளையும் ஒரு சின்னக் கட்டத்தில் போட்டுவிட்டால் வரிசைக் குழப்பமே கிடையாது, திருப்பிப் படிக்க வழியே இல்லை. கீழே ஒரு வரி: "18 மீட்டருக்குக் குறைந்த ஹெட்டில் ஓட்டக் கூடாது." அவ்வளவுதான் அந்த மாடலுக்குத் தேவையான எழுத்து. அதற்கு நான் சொல் கணக்குப் பார்க்காமல் பணம் கொடுப்பேன்.

ஹெட் என்றால் என்ன என்பதையும் அவர் கேட்கவில்லை. போரின் ஆழத்தையே ஹெட் என்று நினைத்துத்தான் "60 மீட்டர் ஆழத்திலிருந்தும்" என்று எழுதியிருக்கிறார். 90 மீட்டர் போரில் பம்ப் ஓடும்போது தண்ணீர் மட்டம் 40 மீட்டரில் நிற்கலாம். அந்த 40-ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு தரையிலிருந்து டேங்க் வரை உள்ள உயரத்தையும் பைப்பில் உராய்வால் போகிறதையும் கூட்ட வேண்டும். இதைக் கேட்டலாக்கின் முதல் பக்கத்தில் நான்கு வரியில் விளக்கினால் எனக்கு வருகிற போன்களில் பாதி நின்றுபோகும். "பிராண்டின் பயணம்" எழுத வேண்டிய இடத்தில் எழுத வேண்டியது இதுதான்.

பதில் போட்டேன். கோபத்தை அடக்கிக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டேன்: "உங்கள் திருத்தத்தின்படி இந்தப் பம்ப் 45 மீட்டர் ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் தரும் என்று நினைக்கிறீர்கள்?" வந்த பதில்: "அது உங்கள் டெக்னிக்கல் டீமின் வேலை மேடம், நான் மொழியை மட்டும்தான் பார்ப்பேன்."

பம்ப் கேட்டலாக்கில் 150–30 என்பதுதானுங்க மொழி! டின் நம்பரைப் பார்த்து "இது இன்னும் வேண்டுமா" என்று கேட்கவில்லை. ஐஎஸ் எண்ணின் ஆண்டைப் பார்க்கவில்லை. ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே இருக்கிற லைசென்ஸ் எண் இன்றைக்கும் செல்லுமா என்று கேட்கவில்லை. நிறுத்தின மாடல்கள் எவை என்று கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கக்கூடிய பழசு அத்தனையும் அப்படியே கிடக்க, சரியாக இருந்த ஒரே வரியைத் தேடிப்பிடித்துக் கெடுத்துவிட்டு, அதற்கு ஆடிட் என்று பெயர் வைத்து ரேட் கார்டும் அனுப்புகிறார்.

எங்கள் ஏரியாவில் இதே மாதிரி பழைய கேட்டலாக்கோடு எத்தனையோ யூனிட்கள் இருக்கின்றன. இந்த மெயில் அவர்களுக்கும் போயிருக்கும். யாராவது ஒருவர் அவசரத்தில் "சரி, பண்ணிக் கொடுங்க" என்று சொல்லியிருந்தால், தயவுசெய்து அச்சுக்கு அனுப்பும் முன்னால் டிஸ்சார்ஜ் வரியை மட்டும் டெஸ்டிங் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். எல்லா மாடலுக்கும் சின்ன எண் முன்னால் வந்திருந்தால் பிளேட் போட விடாதீர்கள்.