ஒரு சதவீதம் சும்மா இல்லை

"மியூச்சுவல் ஃபண்டை நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானைவிட, முகவர் மூலம் வாங்கும் ரெகுலர் பிளானில் செலவு ஒரு சதவீதம்தான் கூடுதல். 5 லட்சத்துக்கு வருஷம் 5,000. 20 வருஷத்துக்கு வெறும் 1 லட்சம்." மார்த்தாண்டம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கு இது.

தவறு. செலவு விகிதம் போட்ட பணத்துக்கு மட்டுமல்ல, வளர்ந்து நிற்கும் மொத்த மதிப்புக்கும். தினமும் அதைக் கழித்த பிறகே ஒரு யூனிட்டின் மதிப்பான என்ஏவி வருகிறது. அதனால் தனியாகக் கண்ணில் படாது. செலவாகப் பிடித்த பணத்தின் வளர்ச்சியும் போய்விடும்.

ரப்பர் தோட்டம் விற்ற 5 லட்சத்தைப் போடுகிறீர்கள், ஃபண்ட் செலவுக்கு முன் ஆண்டுக்கு 12% தருகிறது என்று வைப்போம். டைரக்ட் பிளானில் செலவு 0.7% என்றால் 20 ஆண்டில் சுமார் 42.5 லட்சம். ரெகுலரில் 1.7% என்றால் 35.5 லட்சம். இழப்பு 7 லட்சம்!

ஒரே ஃபண்டின் டைரக்ட், ரெகுலர் பிளான்களை மட்டும் இப்படி ஒப்பிடுங்கள். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறும்முன் வெளியேற்றக் கட்டணம், மூலதன ஆதாய வரி இரண்டையும் பாருங்கள்.