தோல் தண்ணீர் குடிக்கும், நான் என்ன செய்ய?

அந்த இருபது விநாடி வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. காலையிலிருந்து இன்பாக்ஸ் முழுக்க அதுதான். "என்ன தம்பி, கையில இருக்கறது கஞ்சிராவா, டிபன் தட்டா?" என்று மிருதங்கம் வாசிக்கிற அண்ணன் மைக்கில் கேட்பதும், முன்வரிசை சிரிப்பதும், நானும் சேர்ந்து பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்த ஒரு மணி நேரத்தை யாரும் வீடியோ எடுக்கவில்லை, அதனால் நான் எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோல் தண்ணீர் குடிக்கும். இது என் கருத்து இல்லை, தோலின் குணம். காற்றில் ஈரம் ஏறினால் தோல் அதை இழுத்துக்கொள்ளும், இழுத்ததும் ஊறித் தளரும், தளர்ந்ததும் விறைப்பு போய் நாதம் கீழே இறங்கும். மிருதங்கத்துக்கு வார் இருக்கிறது, கல்லையும் கட்டையையும் வைத்து நாலு தட்டு தட்டி ஏற்றிக்கொள்ளலாம். கஞ்சிராவில் என்ன இருக்கிறது? ஒரு சாண் பலா மரச் சட்டம், அதன் மேல் ஒட்டின தோல், ஓரத்தில் ரெண்டு மூணு காசு. இறக்க வேண்டுமானால் உள்பக்கம் தண்ணீர் தொட்டுத் தடவலாம். ஏற்ற வேண்டுமானால் சூடு காட்டலாம். வேறு வழியே கிடையாது.

அன்றைக்கு எங்கள் ஊரில் மூன்றாவது நாளாக மழை. கார்த்திகை மாதம், கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் கோயில், சுற்றிலும் திறந்த மண்டபம். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் பீரோ மேலிருந்து எடுத்துத் தட்டிப் பார்த்தபோது ஆட்டுத்தோல் கஞ்சிரா நன்றாகத்தான் இருந்தது, டிங் என்று நின்றது. வழக்கமாக அந்த நிலையில் உள்ளே ரெண்டு விரல் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிஷம் விட்டால்தான் வாசிக்கிற பதத்துக்கு வரும். நான் ஒரு சொட்டுகூடத் தெளிக்கவில்லை. மண்டபத்துக் காற்றே தெளித்துவிடும் என்று தெரியும்.

தெளித்துவிட்டது. வர்ணம் முடிகிறபோது சரியான பதம், சொன்னால் நம்பமாட்டீர்கள், விரலை அழுத்தி நாதத்தை வழுக்கி ஏற்றுகிற கும்கி அப்படி வந்தது. அடுத்த கீர்த்தனையில் பாதியிலேயே 'தொம்' என்பது 'தொப்' ஆகிவிட்டது. அதற்கடுத்ததில் இடது கை விரலால் அழுத்துகிறேன், நாதம் மேலே ஏறவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் அழுத்துவதற்கு முன்பே அங்கே விறைப்பு இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தூணுக்குப் பின்னால் போய் ஒரு குண்டு பல்பு பக்கத்தில் பிடித்தேன். ரெண்டு நிமிஷத்தில் விறுவிறு என்று ஏறியது. வந்து உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் வாசிப்பதற்குள் பழையபடி தொய்ந்துவிட்டது. சூடு காட்டினால் உள்ளே போன ஈரம் வெளியே போகும், சரி, ஆனால் காய்ந்த தோல் அதே மண்டபத்துக் காற்றில்தானே மறுபடி உட்காருகிறது? அதுவும் கஞ்சிராத் தோல் மெல்லிசு, மறுபடி குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அப்புறம்தான் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். பாலியெஸ்டர் முகம் போட்டு, சுற்றிலும் போல்ட் வைத்தது. அதிலிருந்து தனி ஆவர்த்தனம் வரை ஒருமுறைகூடக் கையை எடுத்துத் திருகவில்லை. நாலு மணிக்கு வீட்டில் எப்படி வைத்தேனோ அப்படியே நின்றது. டிபன் தட்டு என்ற கேள்வி வந்தது இந்த இடத்தில்தான். தொப் தொப் என்று முக்கால் மணி நேரம் வாசித்தபோது அண்ணன் வாயைத் திறக்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இப்போது எனக்கு வந்த கேள்விகள்.

"பெரியவர்கள் எல்லாம் தோலில்தானே வாசித்தார்கள், மரபு என்று ஒன்று இல்லையா?" சரி, மரபுக்கே வருகிறேன். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அந்த வழியில் வந்ததெல்லாம் உடும்புத் தோல் ஐயா, ஆட்டுத்தோல் இல்லை. உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி, அதைப் பிடிப்பதும் அதன் தோலை விற்பதும் குற்றம். அதனால் வந்த மாற்றுதான் ஆட்டுத்தோல். குட்டி ஆட்டின் தோலாகப் பார்த்து நன்றாகச் சீவி மெலிசாக்கினாலும் உடும்பின் இழுவை அதற்கு வராது. அதாவது நீங்கள் மரபு என்று கட்டிப்பிடித்திருப்பதே ஒரு மாற்றுப் பொருள். ஒரு மாற்றை மரபு என்று கொண்டாடுகிறீர்கள், இன்னொரு மாற்றுக்கு டிபன் தட்டு என்று பெயர் வைக்கிறீர்கள். அப்புறம், கேட்ட அண்ணனின் மிருதங்கத்தில் வார் இல்லை. நட்டு போல்ட்டுதான் இருக்கிறது. பக்கத்தில் ஸ்ருதி பெட்டி கரண்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி மைக்கில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கமாட்டேன், எனக்கு அந்த வளர்ப்பு கிடையாது.

"நாதம் என்று ஒன்று இருக்கிறதே?" இருக்கிறது. இதில் நான் சண்டைக்கு வரவில்லை. நல்ல பதத்தில் இருக்கிற ஆட்டுத்தோலின் பக்கத்தில் பாலியெஸ்டர் நிற்காது. தோல் ஒரே சீராக இருக்காது, ஒரு இடம் கனம், ஒரு இடம் மெலிசு, உள்ளே நார் நாராகப் பின்னிக் கிடக்கும், அதனால் தட்டியதும் மேலே எழுகிற கீச்சு ஒலிகளைத் தானே விழுங்கிவிட்டு அடி நாதத்தை மட்டும் விடும். பாலியெஸ்டர் படலம் எங்கும் ஒரே கனம், எதையும் விழுங்காது, தட்டினால் 'ணங்' என்று இழுத்துக்கொண்டே போகும். நான் உள்பக்க ஓரத்தில் விரலகலத் துணி டேப் ஒன்றை ஒட்டி அந்த இழுப்பைக் குறைத்துக்கொள்கிறேன், பாதிக்குத்தான் குறைகிறது. கும்கியும் வரும், ஆனால் தோலில் வழுக்கிக்கொண்டு ஏறுகிற மாதிரி வராது, படிக்கட்டு ஏறுகிற மாதிரி வரும். அதுவும் புழுக்கத்தில் கை வியர்த்தால் விரல் வழுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை, வாசிக்கிறவனே நான்தானே. ஆனால் 'நல்ல பதத்தில் இருக்கிற ஆட்டுத்தோல்' என்று சொன்னேன் பாருங்கள், அந்தப் பதம் மழைக்காலத்தில் எத்தனை நிமிஷம் நிற்கிறது? தோல் தண்ணீர் குடிக்கும். எத்தனை தடவைதான் சொல்வது.

"ஏசி ஹாலில் பிரச்சினை வராதே" என்கிறார் ஒரு நண்பர். வரும், தலைகீழாக வரும். ஏசி காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், தோல் முறுக்கிக்கொண்டு டங் டங் என்று கத்தும், ரெண்டு பாட்டுக்கு ஒருமுறை தண்ணீர் தடவிக்கொண்டே இருக்கவேண்டும். அதையாவது கையாண்டுவிடலாம். இறக்குவது சுலபம், ஏற்றுவதுதான் ஆபத்து. எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஏசி யார் போட்டுத் தரப்போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

"டப்பாவில் போட்டு சிலிக்கா ஜெல் வையுங்கள்" என்றும் ஒருவர். வைக்கிறேன். அதோடு பாலிதீன் பையில் சுற்றவேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், துணிப்பைதான் நல்லது, மாதம் ஒருமுறை எடுத்துத் தோலில் பூச்சி அரித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். எல்லாம் செய்கிறேன். டப்பாவுக்குள் இருக்கும்வரை தோல் அருமையாக இருக்கிறது. நான் டப்பாவுக்கு வெளியே அல்லவா வாசிக்கிறேன்?

பாலியெஸ்டருக்கு இவ்வளவு பாடு இல்லை. வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்து வைத்தால் போதும். கூர்மையானது எதுவும் பட்டுக் குழி விழாமல் பார்க்கவேண்டும், குழி விழுந்தால் எழாது. வெயிலில் நிறுத்தின காருக்குள் வைக்கக்கூடாது. ஒரு வேடிக்கை, சூட்டில் தோல் விறைக்கும், பாலியெஸ்டர் லேசாகத் தளரும். பழக்க தோஷத்தில் நான் முதல் தடவை அதையும் பல்பில் காட்டிவிட்டு, ஏன் இறங்குகிறது என்று முழித்தேன்.

"ஆட்டைக் கொல்லாத கஞ்சிரா, வாழ்த்துகள்" என்று சிலர் வந்திருக்கிறீர்கள். நன்றி, ஆனால் என்னை அந்தக் கட்சியில் சேர்க்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மட்டன்தான்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் புரியும். அப்பா மார்கழி பஜனை கோஷ்டியில் கஞ்சிரா. விடிகாலை நாலரை மணி, பனியில் தெருச் சுற்று. மூணாவது தெரு முனைக்குள் தோல் தொய்ந்துவிடும். டீக்கடை அடுப்பு எரிந்தால் அங்கே நின்று காட்டுவார், இல்லையென்றால் யார் வீட்டு வாசலிலாவது வைக்கோல் கொளுத்துவார். கோஷ்டி முன்னால் போய்விடும், அப்பா பின்னால் ஓடுவார். ஒரு வருஷம் பெருமாள் கோயில் வாசலில் எல்லோரும் நிற்க, இவர் அவசரத்தில் தணலுக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய்விட்டார். முதலில் மயிர் பொசுங்குகிற நாற்றம். அப்புறம் சட்டத்தின் ஓரமாக, ஒட்டு இருக்கிற இடத்தில், 'டப்' என்று ஒரு சத்தம். சூட்டில் தோல் காய்ந்து சுருங்கி இழுக்கும், அன்றைக்குக் கிழிந்தது அந்த ஓரத்தில்தான். "கஞ்சிராவச் சமைச்சுட்டாருடா" என்று கோஷ்டித் தலைவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு ஒன்பது வயசு, பக்கத்தில் ஜால்ராவோடு நின்றேன். திரும்பி வருகிற வழியில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புதுத் தோல் கட்ட மார்கழி முடிந்து ரெண்டு மாசம் ஆயிற்று, காசு புரளவேண்டுமே.

அந்த மனுஷன் கையில் 'டிபன் தட்டு' ஒன்று இருந்திருந்தால் எல்லாத் தெருவும் கோஷ்டியோடு சேர்ந்தே நடந்திருப்பார். மேல்நாட்டில் 1957 வாக்கிலேயே ரெமோ பெல்லி போன்றவர்கள் டிரம்முக்குப் பாலியெஸ்டர் முகம் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களுக்கும் கன்றுக்குட்டித் தோலும் மழையும்தான் தொல்லை. எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அப்பா காலத்தில் தோல் தொய்ந்ததற்குச் சிரித்தீர்கள். இப்போது தொய்யவில்லை என்று சிரிக்கிறீர்கள். எப்படி வாசித்தால்தான் உங்களுக்குச் சரி?

ஆட்டுத்தோலை நான் விடவும் இல்லை. பங்குனி, சித்திரையில் என் கையில் அதுதான் இருக்கும், வந்து கேளுங்கள். சனிக்கிழமை அதே மண்டபம், அதே அண்ணன், நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன், ரெண்டும் பையில் இருக்கும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே மறுபடி பிடித்துக்கொண்டது. ஆணியில் தொங்குகிற ஆட்டுத்தோலை எழுந்துபோய் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன்.

தொப்.