தோற்பதற்குக் காசில்லாதவனின் பரீட்சை

300 டொலர். கணினி வலையமைப்பு வேலைக்காகச் சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சிசிஎன்ஏ பரீட்சைக்கு உட்காரும் கட்டணம் அது. இந்தத் தொகையைப் பார்த்துவிட்டு "அவ்வளவுதானே, ஒரு சான்றிதழுக்கு இது பெரிய காசா?" என்று வெளிநாட்டிலிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மணிக்கு 25 டொலர் உழைப்பவருக்கு அது 12 மணி நேர வேலை. யாழ்ப்பாணத்தில் மாதம் 60,000 ரூபாய் வாங்கும் என் தம்பிக்கு, டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 90,000 ரூபாய். ஒன்றரை மாதச் சம்பளம்! வாடகை, சாப்பாடு, அம்மாவின் மருந்து எதற்கும் ஒரு சதம்கூட எடுக்காமல் இருந்தால்தான் அந்த ஒன்றரை மாதக் கணக்கும். அதற்கு மேல் வங்கி டொலரை விற்கும் விலையும், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அட்டையில் பிடிக்கும் காசும் சேரும்.

2022 தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பரீட்சை கூடவில்லை, பாடம் கூடவில்லை, 60,000 ரூபாயாக இருந்த கட்டணம் மட்டும் 108,000 ஆகிவிட்டது. அந்த வருடம் காசு சேர்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், சேர்க்கச் சேர்க்க இலக்கு ஓடிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, முதல் கட்டணத்தை எப்படியோ கட்டலாம். கடன் வாங்கலாம், மோதிரத்தை அடகு வைக்கலாம். என்னைக் கொதிக்க வைப்பது இரண்டாவது கட்டணம். சித்தியடையாவிட்டால் ஐந்து நாள் கழித்துத் திரும்ப எழுதலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் அதற்கும் முழு 300 டொலர்! இந்தப் பரீட்சையில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. 120 நிமிடத்தை எப்படிப் பங்கிடுவது என்பது ஒரு தடவை உட்கார்ந்தால்தான் உடம்புக்குப் பழகும். காசுள்ளவன் முதல் தடவையை ஒத்திகையாக எடுத்துக்கொள்கிறான். என் தம்பிக்கு முதல் தடவையே கடைசித் தடவை. உண்மையான வரவுசெலவு 90,000 இல்லை, 180,000. மூன்று மாதச் சம்பளம். பயிற்சித் தேர்வுகளில் 85க்கு மேல் எடுக்கிறான், ஆனால் திகதி குறிக்கக் கை வரமாட்டேன் என்கிறது. எட்டு மாதமாக இப்படியே. படித்ததும் மெல்ல மறக்கத் தொடங்கிவிட்டது.

மாணவர் கழிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சிஸ்கோ அக்கடமியில் ஆசிரியர் நடத்தும் வகுப்பில் சேர்ந்து, முடிவுத் தேர்வில் முதல் முயற்சியிலேயே குறிப்பிட்ட புள்ளி எடுத்தவர்களுக்கு. வேலைக்குப் போய்விட்டு இரவில் தானாகப் படிப்பவனுக்கு அந்த வாசல் இல்லை. வேறு பல இடங்களில் பல்கலைக்கழக மின்னஞ்சல் கேட்பார்கள். படிப்பு முடிந்து, கையில் காசு இல்லாமல் வேலை தேடும் அந்த வருடத்தில்தான் கழிவு தேவை. அந்த வருடத்தில்தான் மாணவன் என்ற தகுதியும் போய்விடுகிறது.

அப்புறம் வவுச்சர், அதாவது பரீட்சைக் கட்டணத்துக்குப் பதிலாகப் பதிவில் போடும் முற்பண எண். சமூக ஊடகத்தில் ஒருவர் 200 டொலருக்கு வேறொரு பரீட்சையின் வவுச்சர் விற்றார். தம்பி வாங்கினான். பதிவுப் பக்கத்தில் எண்ணைப் போட்டால், அது இந்த நாட்டில் செல்லாது என்று வந்தது. விலை குறைந்த வேறொரு பிரதேசத்துக்கு வழங்கிய வவுச்சர். விற்றவர் மறுநாளே காணாமல் போனார். காசு கொடுக்கும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: எந்த நாட்டில் செல்லும், எந்தத் திகதிவரை செல்லும், பரீட்சைத் திகதியை மாற்றினால் என்னவாகும். பதில் குழறினால் விட்டுவிடுங்கள்.

வேறு மாதிரிச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மைக்ரோசொஃப்ட் பரீட்சை எழுதும் நாட்டைப் பொறுத்து விலை வைக்கிறது. அமெரிக்காவில் 165 டொலருக்கு விற்கும் பரீட்சை இந்தியாவில் அதன் பாதிக்கும் கீழே. பல கணினிகளில் மென்பொருளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் என்ற கருவியின் நிர்வாகிக்கான சிகேஏ பரீட்சை விலை கூடியதுதான், ஆனால் அந்தக் கட்டணத்துக்குள்ளேயே இரண்டாவது முயற்சி ஒன்று இலவசமாக வருகிறது. விழுந்தவன் எழும்ப ஒரு தடவை இடம் கொடுத்திருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு விலையை எல்லோராலும் உடனே மாற்ற முடியாவிட்டாலும், முதல் தடவை தவறியவனிடம் மறுபடியும் முழுக்கட்டணம் கேட்காமல் இருக்கலாமே! கேள்விகள் ஏற்கெனவே இருக்கின்றன, கணினியே திருத்துகிறது. இரண்டாவது தடவைக்கு 300 டொலர் எங்கே செலவாகிறது? யாராவது எனக்குக் கணக்குக் காட்டுங்கள்.