இரண்டு பேருக்கு எழுதினால் குறுக்கு வழியா?

அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. வேலை கேட்டு வந்த ஒரு பெண்ணின் மெயிலை, பெயரை மட்டும் மறைத்து ஒருவர் முகநூலில் பொதுவில் போட்டு, "ரெக்ரூட்டருக்கும் எழுதுவாராம், மேனேஜருக்கும் எழுதுவாராம், அப்புறம் எதற்கு நாங்கள் ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம்?" என்று கேட்டிருந்தாரே, அதேதான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த மெயிலை முழுசாகப் படித்தீர்கள்? அவர் மஞ்சள் வட்டம் போட்ட இடத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது. "உங்கள் தளத்தில் விண்ணப்பித்துவிட்டேன், ரெக்ரூட்டருக்கும் எழுதியிருக்கிறேன்" என்று அந்தப் பெண் தானே சொல்லியிருக்கிறார். குறுக்கு வழியில் போகிறவர் வாசலில் நின்று "இந்தப் பக்கமாகத்தான் வந்தேன்" என்று கத்துவாரா?

இரண்டு பேருக்கு எழுதுவது தவறில்லை. ஒருவருக்கு எழுதியதை இன்னொருவரிடம் மறைப்பதுதான் தவறு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அணிக்கு ஆள் எடுக்கும் வேலை சில வருடங்களாக என் தலையில்தான். இப்படி ஒரு மெயில் வந்தால் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். ரெக்ரூட்டருக்கு ஃபார்வர்டு செய்து, "இவர் லிஸ்டில் இருக்கிறாரா, பாருங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பேன். அவர் மெயில் முகவரியைப் போட்டுத் தேடுவார். விண்ணப்பம் இருந்தால் இருக்கிறது என்பார், இல்லையென்றால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்பார். அவ்வளவுதான். ஆக, நீங்கள் தனித்தனியாக அனுப்பிய இரண்டு கடிதங்களும் அநேகமாக அன்றைக்கே ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இது தெரியாததால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நானும் மாட்டியிருக்கிறேன். இரண்டாவது வேலை தேடிய நாட்களில் ஒரு நிறுவனத்தின் ரெக்ரூட்டருக்கும் மேனேஜருக்கும் ஒரே மெயிலை, பெயரை மட்டும் மாற்றி, பத்து நிமிட இடைவெளியில் அனுப்பினேன். இரண்டிலுமே "இந்த வாய்ப்புக்காக முதலில் உங்களைத்தான் அணுகுகிறேன்" என்று எழுதியிருந்தேன். மறுநாள் ரெக்ரூட்டரிடமிருந்து பதில் வந்தது. மேனேஜர் அனுப்பியிருந்த என் மெயிலையும் கீழே சேர்த்து, "எங்களில் யார் முதல்?" என்று மட்டும் கேட்டிருந்தார். அந்த மூன்று வார்த்தைகளுக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் அதை ஊருக்குக் காட்டவில்லை. அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

சரி, எப்படித்தான் எழுதுவது? டேட்டா அனலிஸ்ட் வேலை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தளத்தில் விண்ணப்பம். அதே நாள் ரெக்ரூட்டருக்கு நாலு வரி: வேலை எண், விண்ணப்பித்த தேதி, எப்போது சேர முடியும் என்பது, அடுத்த கட்டம் பற்றி ஒரு கேள்வி. கடைசியில், "வேலையின் தன்மை பற்றி மேனேஜரிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறேன், வேண்டாம் என்றால் சொல்லுங்கள்." இந்த ஒரு வரி போதும், மறைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் கொடுத்த அதே மெயில் முகவரியிலிருந்து அனுப்புங்கள், இல்லையென்றால் தேடும்போது நீங்கள் அகப்படமாட்டீர்கள்.

மூன்று நான்கு வேலை நாள் கழித்து, மறுப்பு எதுவும் வரவில்லையென்றால், மேனேஜருக்கு: "உங்கள் அணியின் அனலிஸ்ட் வேலைக்குத் திங்கட்கிழமை விண்ணப்பித்தேன், ரெக்ரூட்டருக்கும் தெரியும். அதன் நிலை பற்றிக் கேட்க இதை எழுதவில்லை. மாத அறிக்கைகளைத் தானியங்கியாக்க வேண்டும் என்று அறிவிப்பில் இருந்தது. இப்போதைய வேலையில் மூன்று நாள் பிடித்த அறிக்கையை அரை நாளாகக் குறைத்திருக்கிறேன். உங்களிடம் தரவு ஒரே இடத்தில் இருக்கிறதா, பல கோப்புகளில் சிதறிக் கிடக்கிறதா?"

கவனித்தீர்களா, ரெக்ரூட்டரிடம் நடைமுறை, மேனேஜரிடம் வேலை. இரண்டையும் மாற்றிக் கேட்டால்தான் குறுக்கே புகுந்த மாதிரி ஆகும். சம்பளத்தைப் பற்றி மேனேஜரிடம் பேச்செடுத்தால் தொலைந்தது. இரண்டு பேரையும் ஒரே மெயிலில் சி.சி. போடுவதும் எனக்குப் பிடிக்காது. இவர் பதில் சொல்வார் என்று அவரும், அவர் சொல்வார் என்று இவரும் இருந்துவிடுவார்கள். இன்டர்வியூ தேதி குறித்துவிட்டால் அதன் பிறகு ரெக்ரூட்டர் மட்டும்தான். "எங்களைத் தொடர்பு கொள்ள வேண்டாம்" என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தால் மேனேஜர் பக்கம் போகவே போகாதீர்கள், அங்கே எனக்கும் மறுபேச்சு இல்லை.

"எல்லோரும் இப்படி எழுத ஆரம்பித்தால் மேனேஜர் எப்போது வேலை பார்ப்பது?" என்று கேட்பீர்கள். எல்லோரும் எழுதுவதில்லை ஐயா. எனக்கு ஒரு இடத்துக்கு நாலைந்து வந்தால் அதிகம். அழிக்க ஒரு நொடி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரை மறைத்து, வட்டம் போட்டுப் பதிவெழுதத்தான் நேரம் பிடிக்கும்.

"மேனேஜர் யார் என்று கண்டுபிடிக்கத் தெரியாதவர் பாவமில்லையா?" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டார். இது நியாயமான கேள்வி. பாவம்தான். அதனால்தான் வந்த மெயிலை நானே எடைபோடாமல் ரெக்ரூட்டருக்குத் தள்ளிவிடுகிறேன். அதையும் மீறி அந்தப் பெயர் என் மனதில் நிற்கிறதா என்றால், நிற்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் சமவாய்ப்பு பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் ரெஃபரலைப் பற்றி ஏன் பேசுவதில்லை? உள்ளே இருக்கும் நண்பர் ரெஸ்யூமேயைக் கொடுக்கிறார், அது தனி அடையாளத்தோடு முன்னால் போகிறது, சேர்ந்தால் அவருக்குப் போனஸும் உண்டு. நீங்கள் முந்திக்கொண்டு விண்ணப்பித்துவிட்டால் பல இடங்களில் அந்த ரெஃபரல் கணக்கிலேயே வராது, எனவே "முதலில் என்னிடம் சொல்லு, நீயாகப் போடாதே" என்று சொல்லியே கொடுப்பார்கள். இதற்குப் பெயர் நடைமுறை. உள்ளே யாரையும் தெரியாத ஒருத்தி, தானே உட்கார்ந்து அறிவிப்பைப் படித்து, நாலு வரி எழுதினால் அதற்குப் பெயர் அத்துமீறல். ராத்திரி ஒரு மணிக்கு, பதில் போட முடியாத முகவரியிலிருந்து "வருந்துகிறோம்" என்று வரும் மெயிலை வரிசையாகப் படித்தவர்களுக்குத்தான் அந்த நாலு வரியின் அருமை தெரியும். நான் படித்திருக்கிறேன்.

ஒன்று மட்டும். அந்தப் பதிவைப் போட்டவர், தான் இப்போதைய வேலைக்கு வந்த கதையைச் சில வருடங்களுக்கு முன்பு இதே முகநூலில் எழுதியிருந்தார். நண்பர் ரெஸ்யூமேயை நேராக மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தாராம், தளத்தில் விண்ணப்பித்ததே ஆஃபர் வந்த பிறகுதானாம். நன்றி சொல்லி, நண்பரை டேக் செய்து போட்ட பதிவு. இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை.