பத்திரம் கைக்கு வந்தால் அடமானம் முடிந்ததா?

“பேங்கில் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடன் அடமானமே கிடையாது. கடனைக் கட்டிவிட்டுப் பத்திரத்தைத் திருப்பி வாங்கினால் வேலை முடிந்தது.”

தவறு. கடனுக்கு ஈடாக மூலப் பத்திரத்தை ஒப்படைப்பதே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58(எஃப்) பிரிவுப்படி அடமானம்தான். சாதாரண அடமானத்தில் இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்யும் பத்திரமே அடமானத்தை உண்டாக்குகிறது, இதிலோ ஒப்படைப்புதான் உண்டாக்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தமிழ்நாட்டில் அந்த ஒப்படைப்புக் குறிப்பையும் வங்கிகள் பெரும்பாலும் பதிவு செய்துவிடுகின்றன என்பதால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும்.

சிக்கல் இங்கேதான். 2015இல் வீட்டுக் கடன் வாங்கியவர் 2024இல் முழுசாகக் கட்டி, பத்திரத்தையும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார் என்று வையுங்கள். விற்கப் போகும்போது வில்லங்கத்தில் 2015 பதிவு அப்படியே நிற்கும், வாங்க வருபவர் தயங்குவார். அதனால் கடன் தீர்ந்ததும் வங்கி அதிகாரி கையெழுத்திடும் ரசீது ஆவணத்தை, முதலில் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பத்திரம் எழுதிப் பதிவு செய்த சாதாரண அடமானத்துக்கும் இதே வழிதான். அப்புறம் புது வில்லங்கச் சான்று எடுத்து, ரசீது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வங்கி இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவைக் காட்டிக் கேளுங்கள்: முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் தந்து, சொத்தின் மேல் பதிவான கடன் பொறுப்பையும் நீக்க வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.