மருத்துவக் காப்பீட்டை வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்தால் பழைய வயது பிரீமியமா? பரவும் தகவல் தவறு

“க்ளெய்ம் எடுத்தவருக்குப் பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள். உடனே வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்யுங்கள். பழைய வயதின் பிரீமியமே போதும், யாரும் மறுக்க முடியாது!”

இதை நம்பிப் போர்ட் செய்பவர்கள் ஏமாறுவார்கள். தயவுசெய்து பகிர வேண்டாம்.

தனிநபர் பாலிசியில் பிரீமியம் பொதுவாக இரண்டு காரணங்களால் உயர்கிறது: நீங்கள் அடுத்த வயது வரம்புக்குள் நுழைவது, அல்லது அந்தத் திட்டத்தில் உள்ள எல்லோருக்குமான விலைத் திருத்தம். க்ளெய்ம் எடுத்தால் போனஸ் குறையலாம். ஆனால் க்ளெய்மைக் காரணம் காட்டிப் புதுப்பிப்பை மறுக்க முடியாது. உங்கள் திட்டத்தின் வயதுவாரிப் பிரீமிய அட்டவணையில் வயது வரம்பைச் சரிபார்க்கலாம்.

போர்ட் செய்தாலும் வயது கூடவே வரும். புதிய நிறுவனம் இன்றைய வயதுக்கான விலையைத்தான் கேட்கும். மருத்துவ விவரங்களைப் பார்த்துக் கூடுதல் பிரீமியம் கேட்கவோ, விண்ணப்பத்தை மறுக்கவோ அதற்கு உரிமை உண்டு.

நம்மோடு வருவது, ஏற்கெனவே உள்ள நோய்க்கு க்ளெய்ம் கிடைக்கத் தொடங்கும்வரையிலான காத்திருப்புக் காலத்தில் நாம் முடித்த ஆண்டுகள். சர்க்கரை நோய்க்கு 3 ஆண்டு காத்திருப்பு உள்ள 5 லட்ச ரூபாய் பாலிசியில் 2 ஆண்டு முடித்தவர், அதே 3 ஆண்டு விதியுள்ள 10 லட்சத் திட்டத்துக்கு மாறினால், முதல் 5 லட்சத்துக்கு 1 ஆண்டுதான் மீதி. கூடுதல் 5 லட்சத்துக்கு முழு 3 ஆண்டு.

விதிகளைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் இணையதளத்தில் படிக்கலாம். புதிய நிறுவனம் ஏற்றுக்கொள்ளும்வரை பழைய பாலிசியைக் காலாவதியாக விடாதீர்கள்.