எத்தனை லிட்டர் கறக்கும் என்பது இரண்டாவது கேள்வி

ஒரு மாடு வாங்கிக் கட்டினால் மாதம் எவ்வளவு நிற்கும் என்று யார் கேட்டாலும், பேச்சு நேராக லிட்டரில் போய் நிற்கிறது. பத்து லிட்டர் கறக்கும், பன்னிரண்டு லிட்டர் கறக்கும் என்று புரோக்கரும் அதையே சொல்லித்தான் விற்கிறார். என்னைக் கேட்டால் வீட்டில் ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கு லாபமும் நட்டமும் லிட்டரில் இல்லை, ஈன்ற பிறகு அது எத்தனையாவது நாளில் மறுபடி சினை பிடிக்கிறது என்பதில் இருக்கிறது.

ஒரு ஜெர்சி கலப்பு மாடு ஜனவரி 10 அன்று ஈன்றது என்று வைத்துக்கொள்வோம். கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு மாதம் விடவேண்டும். அதற்குப் பிறகு மாடு காளை தேடும் பருவத்தில், ஏப்ரல் 5 வாக்கில் சினை ஊசி போட்டுச் சினை பிடித்துவிட்டால், சினைக்காலம் சுமார் 280 நாள், அடுத்த ஜனவரி 10 அன்றே கன்று. பத்து மாதம் கறவை, இரண்டு மாதம் வற்று.

சராசரியாக நாளுக்கு 7 லிட்டர், லிட்டர் 35 ரூபாய் என்றால் 305 நாளுக்கு ஏறக்குறைய 75,000 ரூபாய். கறவையில் தீவனத்துக்கு நாளுக்கு 150, வற்று மாதங்களில் 80 என்று கழித்தால் கையில் நிற்பது 24,000 சொச்சம். மாதத்துக்கு 2,000. சாணி எடுத்து, புல் அறுத்து, கறக்கிற உடம்புக்குக் கூலி இதில் இல்லை. யூடியூபில் சொல்கிற கணக்கு வேறு, அதை விடுங்கள்.

இதே மாட்டுக்கு மூன்று பருவம் தவறிப்போனால் என்ன ஆகும்? பருவம் 21 நாளுக்கு ஒரு முறை, ஆக 63 நாள் தள்ளிப்போகும். ஜூன் 7 அன்று சினை, கன்று அடுத்த மார்ச் நடுவில். கறவை பத்து மாதத்தில் வற்றிவிட்டால், அந்த 63 நாளும் மாடு பாலில்லாமல் தின்றுகொண்டு நிற்கும். அந்தத் தீவனத்தைக் கழித்து, மீதியை 428 நாளுக்குப் பிரித்துப் பாருங்கள். மாதம் 1,400 ரூபாய்கூட வராது. லிட்டர் குறையவில்லை, பால் விலை குறையவில்லை, மாட்டுக்கு நோயும் இல்லை. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

பருவம் ஏன் தவறுகிறது என்றால், பெரும்பாலும் யாரும் பார்க்காததால். மந்தையில் ஒன்றின்மேல் ஒன்று தாவும், தூரத்திலிருந்தே தெரியும். ஒற்றையாகக் கட்டிய மாடு யார்மேல் தாவும்? அதன் அடையாளங்கள் சின்னவை. காளைக்குக் கத்தும், தீனியில் மனம் வைக்காது, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும், அன்றைக்குப் பால் குறையும். பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடிபோல் வழும்பு கயிறாக இறங்கி வாலில் ஒட்டியிருக்கும். இதெல்லாம் அரை நாள், கூடிப்போனால் முக்கால் நாள். வெயில் காலத்தில் கத்தவே கத்தாது, ராத்திரியோடு முடிந்துவிடும். அதனால் விடியற்காலையில் ஒரு முறையும் படுக்கப்போகுமுன் ஒரு முறையும் டார்ச் அடித்து வாலுக்கடியில் பார்க்க வேண்டும். மாடு படுத்திருந்த இடத்தையும் பாருங்கள், வழும்பு தரையில் இருக்கும்.

காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். பருவ அறிகுறிகள் அடங்கிய பிறகுதான் கருமுட்டை வெளிவருகிறது. கத்தின உடனே டாக்டரைக் கூட்டிவந்து போட்டால் சீக்கிரம் போட்டதாகிவிடும்.

பருவம் முடிந்து இரண்டு மூன்று நாளில் சில மாடுகளுக்கு வழும்போடு கொஞ்சம் ரத்தம் கசியும். எங்கள் பக்கம் இதைப் பார்த்ததும் "ஊசி நிக்கல" என்று முடிவுகட்டிவிடுவார்கள். அப்படி இல்லை. பருவம் வந்து போனது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, சினையா இல்லையா என்று சொல்லாது. பருவத்தைத் தவறவிட்டவருக்கு இது ஒரு விதத்தில் நல்லதும்கூட. ரத்தம் கண்ட நாளைக் காலண்டரில் குறித்து, பதினாறாம் நாளிலிருந்து கவனித்தால் அடுத்த பருவம் கைக்குக் கிடைக்கும். எங்கள் அம்மா குறிப்பது பால் கணக்கு எழுதும் அட்டையின் பின்பக்கத்தில்.

21 நாளில் திரும்பக் கத்தவில்லை என்பதற்காகச் சினை என்று நம்பிவிடவும் கூடாது. இரண்டரை மூன்று மாதத்தில் டாக்டரிடம் கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சினையென்று நம்பி ஆறு மாதம் தீனி போட்டு வெறும் மாடாக நின்ற வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. சரியான நேரத்தில் போட்டும் மூன்று தடவை நிற்கவில்லையென்றால் நாலாவது ஊசிக்கு அவசரப்படாமல் கருப்பையில் புண்ணோ சீழோ இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஈன்றதிலிருந்து பருவத்துக்கே வராத மாடு என்றால், மெலிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் வைக்கோலிலும் தவிட்டிலும் நிற்கிற மாடு பருவத்துக்கு வராது. தினமும் ஒரு கை தாது உப்புக் கலவை சேர்ப்பது இதற்காகத்தான்.

அப்புறம், கணவன் மனைவி இருவரும் விடிந்ததும் வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிற வீட்டுக்கு மாட்டைவிட ஆடுதான் தோது என்பேன். மூன்று நான்கு வெள்ளாடு இருந்தால், தெருவில் யாராவது ஒருவரிடம் கிடா இருந்தால் போதும், பருவத்தை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை, அது கண்டுபிடித்துக்கொள்ளும். ஐந்து மாதத்தில் குட்டி. தினமும் காசு வராது, விற்கிற அன்றுதான் வரும். பகலில் மேய்க்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளும் இல்லையென்றால் ஆடும் வேண்டாம்.